இருபத்து மூன்று தாள்களில் 495

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பால்காரருக்கும் தெரியும். பெர்ன்ஹில்லில் எங்கள் வீட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தும் நடத்துனருக்கும் தெரியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அப்பா என்னைப் பார்த்துத்தான் சொல்வார். நான் கணக்கு டீச்சர், எனக்கா புத்தி மட்டு என்று அதற்கும் ஒரு கோபம் வரும். அந்தப் பழமொழி என் விஷயத்தில் எவ்வளவு சரி என்று ஒரு அரையாண்டுத் தேர்வின்போது தெரிந்துகொண்டேன்.

அது தேயிலை விலை விழுந்த காலம். பறித்த பச்சை இலைக்கு ஒரு கிலோவுக்குக் கிடைத்த காசில் டீக்கடையில் ஒரு டீ குடித்தால் மீதி ஒன்றும் இருக்காது. இத்தலார் பஸ்ஸில் ஏறி, இத்தலாருக்கு முன்பே ஒரு வளைவில் இறங்கினால் நான் வேலை பார்த்த பள்ளி. சுற்றிலும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற குடும்பங்கள். முன்பெல்லாம் தீபாவளிக்குப் பிள்ளைகள் புது ஷூ போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் அண்ணனுடைய ஷூவைத் தம்பி போட்டுக்கொண்டு, முன்பக்கம் காகிதம் திணித்து நடந்து வந்தான்.

பள்ளியில் ஒரு டீச்சர் தற்காலிகமாக இருந்தாள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். அவளுக்குச் சம்பளம் அரசாங்கம் தருவதில்லை, பெற்றோர்கள் சேர்ந்து போடும் பணத்திலிருந்து வரும். இலை விலை விழுந்ததும் பெற்றோர்களால் பணம் போட முடியவில்லை. பெற்றோர் சங்கத் தலைவர் அவளை நிறுத்த ஒரு காரணம் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கணவர் வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. அந்த வீட்டுக்குள் வந்த ஒரே சம்பளம் அவளுடையதுதான். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வுக்கு அறைக் கண்காணிப்பு அவளுக்கு. தாள்களைத் திருத்துவது நான். வெள்ளிக்கிழமை மதியம், ஆசிரியர் அறையில் ஹீட்டர் இல்லாமல் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து திருத்தினேன். மொத்தம் முப்பத்தொரு தாள். கேள்வித்தாளை எழுதியதும் நான்தான். அதில் இலாப நட்டக் கணக்கு மூன்று கேள்வி.

ஏழாவது கேள்வி இது: ஒரு கடையில் கம்பளிச் சட்டையின் குறித்த விலையில் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்து அதை நானூற்று ஐம்பது ரூபாய்க்கு விற்றார்கள், குறித்த விலை என்ன? ஐந்து மதிப்பெண். விடை ஐந்நூறு. ஐந்நூறில் பத்து சதவீதம் ஐம்பது, கழித்தால் நானூற்று ஐம்பது. இதைக் கேள்வியிலேயே திரும்பப் போட்டுப் பார்த்தால் முடிந்தது.

முதல் தாளில் 495 என்று எழுதியிருந்தது. 450-ல் 10 சதவீதம் 45, கூட்டினால் 495. சரி, ஒரு பிள்ளை தப்பாகப் போட்டிருக்கிறது. பத்து சதவீதத்தைக் குறித்த விலையில் எடுக்காமல் விற்ற விலையில் எடுத்துவிட்டது. சிவப்பு மையால் ஒரு சுழி போட்டேன். இரண்டாவது தாளிலும் 495. மூன்றாவதில் 500. நான்காவதில் 495. ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் 495. பத்தாவது தாளுக்கு வரும்போதே என் காது சூடாகிவிட்டது.

கடைசியில் எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று தாளில் 495. ஐந்து தாளில் 500. மூன்று பேர் தொடவே இல்லை. இருபத்து மூன்று பேருக்கும் அதே இரண்டு வரி, அதே கூட்டல். நூற்றுக்கு நூறு காப்பி என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒரு தாளைத் தூக்கிக்காட்டி அத்தனை பேரும் பார்த்து எழுதியிருக்க வேண்டும், இல்லை ஒருத்தன் எழுந்து நின்று கத்திச் சொல்லியிருக்க வேண்டும், அங்கே கண்காணித்தவள் ஜன்னல் வழியாக மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். இப்படி மனத்துக்குள் ஒரு நாடகமே நடத்தி முடித்துவிட்டேன்.

அவள் அப்போதுதான் வகுப்பு முடிந்து உள்ளே வந்தாள். அறையில் இன்னும் நான்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். நான் தாள்கட்டை மேசையில் டொப்பென்று போட்டேன்.

"எட்டாம் வகுப்பில அன்னைக்கு நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்றேன்.

"சூப்பர்விஷன்தானுங்க, டீச்சர்."

"இருபத்து மூணு பேரு ஒரே தப்பை எழுதியிருக்காங்க. ஒரு எழுத்து மாறலை. இதுக்குப் பேரு சூப்பர்விஷனா?"

அவள் தாள்களைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "ஏனுங்க டீச்சர், காப்பி அடிக்கிறவங்க சரியா போட்டவனைப் பார்த்துத்தானே அடிப்பாங்க? முதல் பெஞ்சில இருக்கற பையன் ஐந்நூறுன்னு சரியா எழுதியிருக்கானுங்களே. அவனை விட்டுட்டு எதுக்குங்க தப்பைப் போயி எல்லாரும் பார்ப்பாங்க? நான் அங்கயும் இங்கயும் நடந்துட்டேதான் இருந்தேன். ஒருத்தரும் திரும்பலைங்க."

நியாயமான கேள்வி. ஆனால் கோபத்தில் இருப்பவளுக்கு நியாயம் காதில் விழுமா? "முதல் தப்பைப் போட்டவன் யாருன்னு உங்களுக்குத்தான் தெரியணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு முழுநீளத் தாளை எடுத்து, தலைமை ஆசிரியருக்கு எழுதினேன். கண்காணிப்பில் கவனக்குறைவு, தேர்வின் நேர்மை கெட்டது, நடவடிக்கை எடுக்கவும். கையெழுத்து போட்டு நேரே அவர் அறைக்குக் கொண்டுபோனேன். கணக்கு டீச்சர் எழுதிய கடிதம் என்றாலும் அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

தலைமை ஆசிரியர் இந்த மலையில் பிறந்தவர். இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருந்தார். பொறுமைசாலி. கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், இதைத் தலைவர் பார்த்தார்னா அந்தப் பொண்ணை அன்னைக்கே நிறுத்திடுவார். தெரியும்ல?"

"தப்புன்னா தப்புதான் சார்."

"சரி. திங்கட்கிழமை அவருக்கு அனுப்பணும். அதுக்குள்ள உங்க மனசு மாறினா சொல்லுங்க" என்று கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டார்.

என் மனசாவது மாறுவதாவது என்று நினைத்துக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து ஆறாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு ஷெட் இருக்கிறது. பறித்த இலையைத் தொழிற்சாலைக்கு வாங்கிப்போகும் ஏஜென்ட் அங்கேதான் தராசு தொங்கவிட்டு எடை போடுவார். அன்றைக்குப் பஸ் வரவில்லை. எங்கேயோ மரம் விழுந்துவிட்டதாம். தூறல் வேறு. வேறு வழியில்லாமல் ஷெட்டுக்குள் ஒதுங்கினேன். உள்ளே ஏற்கெனவே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

மழைக்காலத்தில் இலை ஈரமாக இருக்கும் என்று சொல்லி ஏஜென்ட் எடையில் பத்து சதவீதம் வெட்டுவார். நூறு கிலோ நிறுத்தால் சீட்டில் தொண்ணூறு என்றுதான் எழுதுவார். விலை விழுந்ததிலிருந்து சீட்டில் நிறுத்த எடையை எழுதுவதையே விட்டுவிட்டார், வெட்டியது போக மீதியை மட்டும் எழுதிக் கொடுப்பார். வெட்டியதை அந்த மீதியோடு திருப்பிக் கூட்டி, நிறுத்த எடை வருகிறதா என்று வீட்டில் பார்ப்பார்கள். பத்து வெட்டுவதை எல்லோரும் வயிற்றெரிச்சலுடன் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். சண்டை அதைப் பற்றி இல்லை.

ஒரு அம்மா சீட்டை நீட்டிக்கொண்டு சொன்னார்: "ஊட்ல நிறுத்துத்தான் எடுத்துட்டு வந்தேன். நூறு கிலோ. பத்து பர்சென்ட்தானே வெட்டுவே, வெட்டிக்கோ. ஆனா இதுல எவ்வளவு எழுதியிருக்கே?"

"தொண்ணூறுங்க" என்றார் ஏஜென்ட். அவர் குன்னூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லியாக, மப்ளரைத் தலையில் சுற்றியிருந்தார்.

"ஏண்டி, கணக்குப் போடு" என்று அந்த அம்மா பக்கத்தில் நின்ற மகளைத் தட்டினார். அந்தப் பெண் என் எட்டாம் வகுப்பு. என்னைப் பார்த்து ஒரு நொடி தயங்கினாள். ஆனால் அம்மா முறைத்ததும் வாய் தானாக ஓடியது. "தொண்ணூறுல பத்து பர்சென்ட் ஒன்பது. தொண்ணூறும் ஒன்பதும் தொண்ணூத்தொம்பது."

"பாத்தியா? நூறு கிலோ கொடுத்தா தொண்ணூத்தொம்பதுதான் வருது. ஒரு கிலோ எங்கய்யா போச்சு? மூட்டைக்கு மூட்டை ஒரு கிலோ தின்னுட்டுப் போற."

வரிசையில் நின்ற எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். என் வீட்டிலும் அப்படித்தான் குறையுது என்றார் ஒருவர். ஏஜென்ட் சத்தியம் பண்ணினார். "பத்துக்கு மேல ஒரு கிராம் வெட்டலைங்க. என் பிள்ளைங்க மேல ஆணைங்க. எங்க போகுதுன்னு எனக்கே புரியலைங்க. ரெண்டு வருஷமா இந்த ரோட்டுல எனக்குத் திருடன்னு பேரு."

எனக்கு மழைச்சத்தம் கேட்கவில்லை. தொண்ணூறும் ஒன்பதும் தொண்ணூற்றொன்பது. நானூற்று ஐம்பதும் நாற்பத்தைந்தும் நானூற்றுத் தொண்ணூற்றைந்து. அதே கணக்கு. அதே இரண்டு வரி. இவர்கள் எங்கேயும் காப்பி அடிக்கவில்லை. தேர்வு அறைக்கு வருவதற்கு முன்பே, வீட்டில் அம்மா அப்பா சீட்டை நீட்டி "கூட்டிச் சொல்லு" என்று கேட்கக் கேட்க, சாயங்காலம் சாயங்காலம் இதையே போட்டுப் பழகிவிட்டார்கள்.

"வெட்டினதைத் திருப்பிக் கூட்டுறப்ப எப்பவும் இப்படியா போடுவீங்க?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"எல்லா ஊட்லயும் இப்படித்தான் டீச்சர். சீட்டு எடையில பத்துல ஒண்ணு கூட்டணும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தப்பான கணக்கைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. ஏஜென்டின் பேனாவையும் ஒரு பழைய சீட்டையும் வாங்கி, தராசுத் தூணில் வைத்து எழுதினேன். "இங்க பாருங்கம்மா. அவர் பத்தை எதுல எடுத்தார்? நிறுத்த நூறுல. நூறுல பத்து சதவீதம் பத்து. நீங்க திருப்பிக் கூட்டுறப்ப எதுல எடுக்கறீங்க? வெட்டிப்போன தொண்ணூறுல. தொண்ணூறுல பத்து சதவீதம் ஒன்பதுதான் வரும். அவர் வெட்டினது பத்து, நீங்க ஒட்டினது ஒன்பது. அந்த ஒரு கிலோ உங்க கணக்குலதான் போச்சு, அவர் மூட்டையில போகலை."

ஒரு பெரியவர் கேட்டார், "அப்ப என்ன பண்ணணும்?"

"சீட்டு எடையை ஒன்பதால வகுத்துப் பத்தால பெருக்குங்க. தொண்ணூறை ஒன்பதால வகுத்தா பத்து, பத்தால பெருக்கினா நூறு. இல்லைன்னா, சந்தேகம் வந்தா, கிடைச்ச விடையில பத்து சதவீதம் கழிச்சுப் பாருங்க. தொண்ணூத்தொம்பதுல பத்து சதவீதம் கழிச்சா எண்பத்தொன்பது புள்ளி ஒண்ணு. சீட்டுல தொண்ணூறு இருக்கு. பொருந்தலையே. அப்ப தொண்ணூத்தொம்பது தப்பு."

அந்த அம்மா சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அதெப்படிங்க, பத்து பர்சென்ட்டுன்னா பத்து பர்சென்ட்தானே, எதுல எடுத்தா என்ன?" என்றார். ஆனால் குரலில் முன்பிருந்த பலம் இல்லை. ஏஜென்ட் மப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "டீச்சரம்மா, ரெண்டு வருஷம் முன்னாடியே ஒரு நாள் இந்தப் பஸ் வராம போயிருக்கக் கூடாதா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாவும் சிரித்தார், ஆனால் ஈரம் என்று வெட்டுவதே அநியாயம்தான் என்று அடுத்த சண்டையை உடனே தொடங்கினார். அதில் எனக்கும் அவர் கட்சிதான்.

ஒருவழியாக வந்த பஸ்ஸில் தாள்கட்டை மடியில் பிரித்துப் பார்த்தேன். இப்போது கோபம் இல்லாமல் பார்த்தேன். எட்டாவது கேள்வி, எண்ணூறுக்கு வாங்கிய சைக்கிளை அறுநூறுக்கு விற்றால் நட்டம் எத்தனை சதவீதம் என்பது. இருநூறு நட்டம், வாங்கிய விலை எண்ணூறில், இருபத்தைந்து சதவீதம். இந்தக் கேள்விக்கு இருபத்து மூன்று பேரும் பல விதமாக எழுதியிருந்தார்கள். சிலர் இருபத்தைந்து. சிலர் விற்ற விலையில் எடுத்து முப்பத்து மூன்றே மூன்றில் ஒன்று. ஒருத்தி இருநூறு சதவீதம் என்றே போட்டிருந்தாள். காப்பி அடிப்பவர்கள் ஒரே ஒரு கணக்கை மட்டுமா காப்பி அடிப்பார்கள்? இதைப் பார்க்க எனக்கு மதியமே ஐந்து நிமிடம் இருந்தது. நான் பார்க்கவில்லை.

500 என்று சரியாக எழுதிய ஐந்து பேர் யார் என்று பெயர்களைப் பார்த்தேன். ஒருவனுடைய அப்பா பஸ் ஓட்டுகிறார். இருவர் வீட்டில் கேரட்டும் உருளைக்கிழங்கும் மட்டும். ஒருத்தியின் வீட்டில் மளிகைக்கடை. இன்னொருவன் பர்லியாரிலிருந்து மாமா வீட்டுக்குப் படிக்க வந்தவன். ஐந்து பேர் வீட்டிலும் தேயிலை கிடையாது. இலைச் சீட்டே பார்த்திராத பிள்ளைகள் மட்டும் தப்பித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே, இழுப்பறையில் கிடக்கும் என் கடிதம் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் யாரிடமும் சண்டை போடவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் இல்லையே என்றாள். தலைமை ஆசிரியர் வீட்டில் ஃபோன் கிடையாது, அவர் ஊருக்கு ஞாயிறன்று பஸ்ஸும் கிடையாது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன்.

தலைமை ஆசிரியர் அறைக் கதவைத் திறக்கும்போதே பின்னால் நின்றேன். "சார், அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம். பிள்ளைங்க காப்பி அடிக்கலை."

"திடீர்னு எப்படி டீச்சர்? வெள்ளிக்கிழமை அவ்வளவு உறுதியா சொன்னீங்களே. நாளைக்குத் தலைவர் வந்து கேட்டார்னா நான் என்ன சொல்ல? இருபத்து மூணு பேரு ஒரே தப்பை எழுதியிருக்காங்கன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க."

ஏஜென்ட் கதையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு வேறு ஒரு யோசனை வந்தது. "சார், ஒரு சின்னக் கணக்கு. ஸ்வெட்டருக்கு இருபது சதவீதம் தள்ளுபடி. தள்ளுபடி போக நானூறு ரூபாய். குறித்த விலை எவ்வளவு?"

அவர் நாற்காலியில்கூட உட்காரவில்லை. "நானூறுல இருபது பர்சென்ட் எண்பது. நானூத்து எண்பது. இதுல என்ன இருக்கு?"

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"தப்பா?"

"நானூத்து எண்பதுல இருபது சதவீதம் கழிச்சுப் பாருங்க சார்."

விரலை மேசையில் வைத்துத் தட்டிக் கணக்குப் போட்டார். "தொண்ணூத்தாறு. கழிச்சா முந்நூத்து எண்பத்து நாலு." கண்ணாடியைக் கழற்றினார். "நானூறு வரணும். பதினாறு ரூபா குறையுது." இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தார். "ஐந்நூறா?"

"ஐந்நூறுதான் சார். தள்ளுபடி குறித்த விலையில போட்டது. நீங்க கையில வந்த நானூறுல எடுத்துட்டீங்க. உங்களுக்கு யாரும் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தரலையே."

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்கைந்து இலைச் சீட்டுகளை எடுத்தார். ஒன்றை மேசையில் வைத்தார். அறுபத்து மூன்று கிலோ. "இது வியாழக்கிழமைச் சீட்டு. வீட்ல நிறுத்தது எழுபது. அறுபத்து மூணுல பத்துல ஒண்ணு ஆறே கால் சொச்சம், கூட்டினா அறுபத்தொன்பது புள்ளி மூணு. எழுநூறு கிராம் அடிச்சுட்டான்னு ஏஜென்ட்டோட சண்டை போட்டுட்டு வந்தேன் டீச்சர். நடுரோட்டுல." தாளில் அவரே போட்டார். அறுபத்து மூன்றை ஒன்பதால் வகுத்தார், ஏழு. பத்தால் பெருக்கினார், எழுபது. பேனாவை மூடி வைத்தார். "ரெண்டு வருஷமா அந்த மனுஷனோட சரியா பேசறதில்லை. இதை அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

"வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன் சார்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகுதான் சிரித்தார், நாற்காலி ஆடும் அளவுக்கு. இழுப்பறையைத் திறந்து என் கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்க எழுதினது, நீங்களே கிழிங்க. தலைவர் கேட்டார்னா பதில் என்கிட்ட இருக்கு. அவருக்கும் மூணு ஏக்கர் இருக்கு. அவரையும் இந்தக் கணக்கைப் போடச் சொல்றேன்."

நான்காகக் கிழித்தேன். குப்பைக்கூடையில் போடப் பிடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டதற்காக ஒரு வீட்டு அடுப்பை அணைக்கப் பார்த்தேன், பிள்ளைகள் போட்ட கணக்கு தப்பு, நான் எடுத்த முடிவு அதைவிடத் தப்பு. என்மேல் எனக்கே அவ்வளவு கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

மதிய இடைவேளைக்கு முந்திய பீரியடில் அவள் ஆறாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் போய் நின்றேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பீரியட் முடியட்டுங்க டீச்சர்" என்றாள். கரும்பலகையில் இலையின் படம் பாதி வரைந்திருந்தாள், அதைத் தொடர்ந்தாள். நான் வராந்தாவில் நின்றேன். பனி உள்ளே வந்து புடவையை நனைத்தது. முப்பது நிமிடம். இரண்டு பிள்ளைகள் கழிவறைக்குப் போகும்போது என்னைப் பார்த்துவிட்டு, கணக்கு டீச்சரை யாரோ வெளியே நிறுத்திவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே போனார்கள். அதைக் கேட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

மணி அடித்ததும் வெளியே வந்தாள். நான் ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஸ்டாஃப் ரூம்ல சொல்லுங்க. அங்கதானே சொன்னீங்க."

ஆசிரியர் அறையில் அதே நான்கு பேர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். இலைச் சீட்டு, தொண்ணூறும் ஒன்பதும், தலைமை ஆசிரியரின் நானூற்று எண்பது, எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள் கணக்கைப் பார்க்காமல் விட்டது என் தப்பு, கடிதத்தைக் கிழித்துவிட்டேன் என்றேன். அவள் கண்காணிப்பில் ஒரு குறையும் இல்லை, நான் சொன்னது பொய், மன்னிக்கணும் என்றேன். நானூற்று எண்பதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் உடனே தன் சீட்டை எடுத்து வகுத்துப் பார்த்தார். இருபத்து மூன்று பேருக்கும் கணக்கு எடுத்த முறைக்கு இரண்டு மதிப்பெண் போடப்போகிறேன், நாளைக்கு வகுப்பில் தராசையே கொண்டுவந்து எதில் பத்து, எதில் பத்து என்று கேட்டுக் கேட்டுப் போட வைக்கப்போகிறேன் என்றும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மற்றவர்கள் மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதம்.

"ஊட்ல அவர்கிட்டச் சொல்லலைங்க" என்றாள். "வேலை போனாலும் போகும்னு சொல்ல வாய் வரலை. சனி ஞாயிறு ரெண்டு நாளும் சிரிச்சுட்டே இருந்தேன். அதுதானுங்க கஷ்டமா இருந்துச்சு."

நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"வேலை போயிருந்தா வேற ஏதாச்சும் தேடியிருப்பேன். மேட்டுப்பாளையத்துல எங்கக்கா இருக்கா. அதில்லைங்க டீச்சர். மூணு வருஷமா ஒரே பஸ்ல வர்றோம், ஒரே மேசையில சாப்பிடுறோம். அந்தப் பேப்பரை இருபத்து மூணு தடவை பார்த்தீங்க. என்னை ஒரு தடவை பார்த்துக் கேட்கலை."

"கேட்டிருக்கணும்" என்றேன்.

"ஆமாங்க. கேட்டிருக்கணும்." கொஞ்ச நேரம் சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு டப்பாவின் மூடியை என் பக்கம் தள்ளி, அதில் பாதியை எடுத்து வைத்தாள். "சாப்பிடுங்க. காலைல முதல் பஸ்ல வந்திருக்கீங்க, ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். அதை நான் சொல்லவில்லை.